பூட்டி வைத்த லென்ஸுக்குள் பூஞ்சை எப்படி நுழைகிறது?

சென்னையின் ஐப்பசி மழையில் கேமராவை பீரோவில் பத்திரமாக வைக்கிறீர்கள். பொங்கலுக்கு எடுத்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை! எப்படி?

பூஞ்சை வெளியிலிருந்து புதிதாக வரவில்லை. அதன் வித்துகள் தூசியோடு ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. காற்றின் ஈரப்பதம் வாரக்கணக்கில் 60, 70 சதவீதத்தைத் தாண்டினால் முளைக்கின்றன. தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் சாப்பாடு. பூஞ்சை கசியவிடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கும். அதைத் துடைத்தாலும் அந்தத் தழும்பு போகாது.

டார்ச் அடித்துப் பாருங்கள். கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சை. சீரான புகைமூட்டம் என்றால், பெரும்பாலும் லென்ஸின் மசகெண்ணெய் ஆவியாகிப் படிந்தது.

பூஞ்சையைத் தடுக்க, கேமராவை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அது உப்பு டப்பாவில் போடும் அரிசி மாதிரி: ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். ஆனால் வயிறு நிறைந்தால் வேலை நின்றுவிடும். நீல மணி இளஞ்சிவப்பானால் 120 டிகிரியில் ஓரிரு மணி நேரம் சூடாக்குங்கள், சமையல் பாத்திரத்தில் வேண்டாம். டப்பா மூடி ரப்பர் வளையத்தோடு இறுகாவிட்டால் ஊர் ஈரத்தையெல்லாம் ஜெல்லே குடிக்கும். டப்பாவுக்குள் ஈரப்பதம் 40–50 சதவீதம் இருந்தால் போதும்.

லென்ஸைத் துடைக்கும்போது திரவத்தை நேரடியாக அதில் சொட்டாதீர்கள். விளிம்பு வழியே உள்ளே இறங்கிவிடும். துணியைத் திரவத்தில் நனைத்தே துடையுங்கள். உட்புறப் பூஞ்சைக்கு மெக்கானிக்தான் கதி.