டயரில் காற்று, மண்ணில் பாரம்

உழவு முடிந்த வயலில் டிராக்டர் போன தடத்தில் ஒரு இரும்புக் கம்பியைக் குத்திப் பார்த்தால் சங்கதி தெரிந்துவிடும். தடத்துக்கு வெளியே சுலபமாக இறங்கும் கம்பி, தடத்துக்குள் அரையடிக்குள்ளேயே முட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடத்துச் செடியைப் பிடுங்கினால், கீழே போகவேண்டிய வேர் பக்கவாட்டில் மடங்கியிருக்கும். மழைத்தண்ணீரும் அங்கேதான் தேங்கும்.

இதில் டயர் காற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. ஏறத்தாழ 2,000 கிலோ டிராக்டரில் பின்சக்கரம் ஒன்று 600 கிலோ சுமக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 பி.எஸ்.ஐ. காற்று என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.4 கிலோ அழுத்தம். டயர் தரையில் பதியும் பரப்பு சுமார் 430 சதுர சென்டிமீட்டர். காற்றை 12-க்கு இறக்கினால் பரப்பு 700-ஐத் தாண்டிவிடும். அதே எடை அகலப் பரவுவதால் மேல்மண் குறைவாக நசுங்கும். கூடுதல் ரப்பர் பற்களும் மண்ணைக் கவ்வும்.

அந்தப் பற்கள் அம்புமுனைபோல் அமைந்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. முன்னே ஓடும்போது முனை முதலில் மண்ணில் படவேண்டும். அப்போதுதான் சேறு நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்டு வெளியேறும். டிராக்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால் முனை மேல்நோக்கி இருக்கவேண்டும். பஞ்சர் ஒட்டிய பிறகு டயரைத் திருப்பி மாட்டிவிட்டால் சேறு அடைத்துக்கொண்டு சக்கரம் வழுக்கும். சேற்று வயலுக்கென்றே பற்கள் இன்னும் உயரமான டயர்களும் உண்டு.

வழுக்கினால் பலர் உடனே டயரில் தண்ணீர் ஏற்றுகிறார்கள். வால்வை உச்சியில் நிறுத்தி, அந்த மட்டம்வரை நிரப்பினால் முக்கால் பங்கு நிறையும், 13.6-28 அளவு டயர் ஒன்றுக்குச் சுமார் 200 கிலோ கூடும். ஆனால் எடை தேவையா என்று முதலில் அளந்து பார்க்கவேண்டும். டயரில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு, கலப்பை மண்ணில் இறங்கியிருக்க, சக்கரம் பத்துச் சுற்று ஓடும் தூரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கலப்பையைத் தூக்கிவிட்டு அதே தூரத்தை ஓட்டவேண்டும். ஒன்பது சுற்று வந்தால் வழுக்கல் 10 சதவீதம், அது போதும். எட்டுக்கும் கீழே போனால் எடை குறைவு. ஒன்பதரையைத் தாண்டினால் எடை மிகுதி. வீணாக மண்ணை மிதிக்கிறது என்று பொருள். தடத்தைப் பார்த்தும் சொல்லலாம்: பல்லின் அச்சு அச்சுக்குலையாமல் பதிந்திருந்தால் எடை கூடுதல், முழுக்க அழிந்திருந்தால் குறைவு.

காற்றைக் குறைப்பது மேல்மண்ணைத்தான் காக்கும். ஒரு அடிக்குக் கீழே மண் இறுகுவது பெரும்பாலும் மொத்த எடையால். உழவு முடிந்ததும் தண்ணீரை வடித்துவிடுவதுதான் அதற்கு வழி.

12 பி.எஸ்.ஐ.யோடு பாரம் ஏற்றிய டிரெய்லரை இழுத்துத் தார்ச்சாலையில் ஓடினால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிப்பு விடும். காற்று இன்னும் குறைந்தால் டயர் வளையத்தில் நழுவி டியூப் வால்வையே பிய்த்துவிடும். எனவே டயர் தயாரிப்பாளரின் அட்டவணையில் அந்த எடைக்குக் குறித்திருக்கும் அளவுக்குக் கீழே இறக்கக்கூடாது. வயலுக்குள் இறங்குமுன் ஒரு முறை, சாலைக்கு ஏறுமுன் ஒரு முறை, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தமானியை வைத்துப் பார்த்துக்கொள்வதே வழக்கம்.