மூத்தோருக்கு நினைவூட்டற் கடிதம் எழுதுதல்

விண்ணப்பக் கடிதத்தையும் முறைப்பாட்டுக் கடிதத்தையும் நன்றாக எழுதும் மாணவர்கள் பலர் நினைவூட்டற் கடிதம் என்றதும் தடுமாறுவர். முறைப்பாடு பெரும்பாலும் அறிமுகமில்லாத ஓர் அதிகாரிக்குச் செல்கிறது. நினைவூட்டலோ நாளையும் முகம்பார்த்துப் பேச வேண்டிய ஒருவருக்கு, அதுவும் நம்மிலும் மூத்தவருக்குச் செல்கிறது. உறுதியாக எழுதினால் மரியாதைக் குறைவாகி விடுமோ, பணிவாக எழுதினால் காரியம் நடக்காமற் போய்விடுமோ என்னும் ஐயம் இங்கே எழுகின்றது. ஓர் உதாரணத்தைக் கொண்டு இதனை நோக்குவோம்.

ஒரு பாடசாலையின் அபிவிருத்திச் சங்கச் செயலாளர் ஓர் இளம் ஆசிரியை எனக் கொள்க. அதிபரே சங்கத்தின் தலைவர். ஜூன் 3ஆந் திகதிக் கூட்டத்தில், ஒழுகும் வகுப்பறைக் கூரையைத் திருத்துவதற்கு மூன்று விலைமனுக்களைப் பெற்று ஜூன் 24இற்கு முன் ஒப்படைப்பதாக மூத்த ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்றார். திகதி கடந்தும் அவை வரவில்லை. விலைமனுக்களை ஜூலை 15ஆந் திகதிக் கூட்டம் பரிசீலிக்க வேண்டும். அப்போதுதான் ஓகஸ்ற் விடுமுறையில், வகுப்பறை வெறுமையாக இருக்கும்போது, வேலையைத் தொடங்கலாம். அது தவறினால் ஒக்ரோபர் மழை அதே கூரையின் கீழ்தான் பிள்ளைகளை வந்தடையும்.

எழுதுவதற்கு முன் செயலாளர் கூட்ட அறிக்கையைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அதில் பொறுப்பாளரின் பெயரும் முடிவுத் திகதியும் உள்ளனவா? அறிக்கை அவருக்கு அனுப்பப்பட்டதா? “கட்டடக் குழு கவனிக்கும்” என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால் தவணை தவறியதாக எவரையும் சுட்ட முடியாது. அந்நிலையில் எழுத வேண்டியது நினைவூட்டலன்று, திகதியொன்றைக் குறித்துத் தருமாறு கேட்கும் கடிதமே. நமது உதாரணத்தில் பெயரும் திகதியும் உள்ளன. ஆகவே ஜூன் 26இல் முதற் கடிதம் இவ்வாறு அமையலாம்:

விடயம்: வகுப்பறைக் கூரைத் திருத்தத்திற்கான விலைமனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

03.06 அன்று நடைபெற்ற கூட்டத் தீர்மானத்தின்படி, கூரைத் திருத்தத்திற்கான மூன்று விலைமனுக்கள் 24.06இற்கு முன் தங்களிடமிருந்து கிடைக்க வேண்டியிருந்தன. அவை இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. 15.07 கூட்டத்தில் அவற்றைப் பரிசீலித்தால் மட்டுமே விடுமுறையில் வேலையைத் தொடங்க முடியும். எனவே 04.07இற்கு முன் அவற்றை அனுப்பி உதவுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். ஒப்பந்தகாரர்களிடமிருந்து பெறுவதில் தடை ஏதும் இருப்பின் அறியத்தாருங்கள். அவர்களோடு தொடர்பு கொள்வதில் நானும் உதவுவேன். இதற்கிடையில் அனுப்பியிருப்பின் இக்கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

இக்கடிதத்தின் இரண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். “தாங்கள் அனுப்பவில்லை” என்று கூறாமல் “அவை கிடைக்கவில்லை” என்று கூறுகிறது. முன்னையதில் எழுவாய் மனிதர், பின்னையதில் எழுவாய் பொருள். அனுப்பியது வழியில் தவறியிருக்கவும் கூடும் அல்லவா? நமக்கு உறுதியாகத் தெரிந்தது கிடைக்கவில்லை என்பது மட்டுமே. ஆகவே மரியாதைக்கு உகந்த வாக்கியமே இங்கு உண்மைக்கும் உகந்ததாக உள்ளது. “தாங்கள் மறந்துவிட்டீர்கள் போலும்” என்பதோ வெளியே மென்மையாகவும் உள்ளே குத்தலாகவும் இருக்கும். அதனை எழுதாதீர்கள்.

இக்கடிதத்தின் உறுதி திகதியில் இருக்கின்றது. மாணவர் விடைகளில் “கூடிய விரைவில்”, “இயன்றளவு சீக்கிரம்” என்ற தொடர்களை அடிக்கடி காணலாம். அவை பணிவானவை போலத் தோன்றினும், பெறுபவருக்கு எந்த நாளையும் குறித்துக் காட்டுவதில்லை. “04.07இற்கு முன்” என்பது கடுமையான சொல்லன்று, ஆயினும் தவறவிட முடியாதது. அத்திகதி ஏன் குறிக்கப்பட்டது என்ற காரணமும் உடன் வர வேண்டும். காரணமில்லாத திகதி கட்டளை போல ஒலிக்கும். இன்னொன்று: “தாங்கள்” என்று தொடங்கி இடையில் “நீங்கள்” என்று மாறுவது பலரிடம் காணப்படும் வழு. தொடங்கிய வடிவத்தைக் கடைசிவரை பேணுக.

முதற் கடிதத்தின் பிரதியை அதிபருக்கு அனுப்பலாமா? அனுப்பக்கூடாது. “பிரதி: அதிபர்” என்னும் ஒரு வரி, நினைவூட்டலை முறைப்பாடாக மாற்றிவிடும். விளக்கம் கூற வாய்ப்புக் கிடைக்கும் முன்னரே தாம் குற்றஞ்சாட்டப்பட்டதாக மூத்தவர் எண்ணுவார்.

ஜூலை 4உம் கடந்துவிட்டது. பதிலுமில்லை. மறுநாள் எழுதும் இரண்டாவது கடிதம் சிறிதாயிருக்கும். முடிந்தால் அதற்கு முன் ஆசிரியர் ஓய்வறையில் நேரிற் கண்டு ஒரு வார்த்தை கேட்பது நன்று. வீட்டில் நோயாளி இருக்கலாம், ஒப்பந்தகாரர் இழுத்தடிக்கலாம். பின்னையது காரணமாயின் மேலிடத்துக்குப் போகத் தேவையில்லை, வேறு ஒப்பந்தகாரரை நாடினாற் போதும். காரணம் எதுவும் தெரியவராவிடின், 26.06 கடிதத்தைச் சுட்டிய பின் இப்படி எழுதலாம்: “08.07இற்கு முன் விலைமனுக்களோ தங்கள் பதிலோ கிடைக்காவிடின், 15.07 கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலைத் தீர்மானிக்கும் பொருட்டு நிலைமையைத் தலைவருக்கு அறியத்தர வேண்டியிருக்கும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.” இது பயமுறுத்தலா? அன்று. அடுத்து நிகழப்போவதை முன்கூட்டியே சொல்வதால், அவருக்குத் தெரியாமல் மேலிடத்துக்குப் போகும் குறை நீங்குகின்றது.

ஜூலை 9இல் அதிபருக்கு எழுதும் கடிதத்தில்தான் பெரும்பாலானோர் வழுக்கி விழுகின்றனர். “பல தடவை கேட்டும் அவர் அலட்சியமாக இருக்கிறார்” என்பதில் இரண்டு பிழைகள் உள்ளன. “பல தடவை” என்பது அளவைச் சொல்லவில்லை. “அலட்சியம்” என்பது மனத்தைப் பற்றிய ஊகம். அதற்குப் பதிலாக இவ்வாறு எழுதுக:

03.06 கூட்டத்தில் தீர்மானிக்கப்பட்ட விலைமனுக்கள் இன்னும் கிடைக்கவில்லை. 26.06, 05.07 ஆகிய தினங்களில் நினைவூட்டியிருந்தேன். 15.07 கூட்டத்திற்கு முன் அவை வேண்டப்படுவதால், பொறுப்பாசிரியருக்கு மேலதிக அவகாசம் வழங்குவதா, அவருக்கு உதவியாக இன்னொருவரை நியமிப்பதா, அன்றேல் இவ்விடயத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பதா என்பதை 11.07இற்கு முன் தீர்மானித்து அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒத்திவைப்பின் விடுமுறையில் வேலை நடைபெறாது.

பிரதி: பொறுப்பாசிரியர்

இங்கே அதிபரிடம் தண்டனை கேட்கப்படவில்லை, தீர்மானம் கேட்கப்படுகிறது. மூத்தவரை மாற்றுவதற்கோ அவகாசம் கொடுப்பதற்கோ செயலாளருக்கு அதிகாரமில்லை, தலைவருக்கு உண்டு. மேலிடத்துக்குப் போவதற்கு அதுவே தக்க காரணம். முதற் கடிதத்தில் தவிர்த்த பிரதி இப்போது கட்டாயமாகின்றது. ஒருவரைப் பற்றி எழுதியதை அவரும் படிப்பார் என்று தெரிந்தால் எழுதுபவரின் சொற்களும் தாமாகவே அளவாகிவிடும்.

தாமதித்தவர் அதிபராகவே இருந்தால்? இரண்டு நினைவூட்டல்களுக்குப் பின் உடனே வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதுவது பெரும்பாலும் அளவுமீறிய செயலாகும். அந்த விடயத்தை அடுத்த கூட்ட நிகழ்ச்சிநிரலில் சேர்க்க அவரிடமே அனுமதி கேட்பது இயல்பான வழி.

விலைமனுக்கள் வந்து சேர்ந்த அன்றே இன்னொரு கடிதம் எழுத வேண்டும். இரண்டே வரிகள் போதும்: கிடைத்த திகதி, நன்றி. முந்திய கடிதத்தை அதிபர் கண்டிருப்பதால் இதன் பிரதியும் அவருக்குச் செல்ல வேண்டும்.