உடனே கை கொடுக்கச் சொல்லாதீர்கள்

ஓர் ஏழாம் வகுப்பை மனதில் வைத்துக்கொள்வோம். திக்கிப் பேசும் பையன் ஒருவன், பெயர் கூப்பிடும்போது சில நாட்களாக "உள்ளேன் டீச்சர்" சொல்வதில்லை. கையை மட்டும் தூக்குகிறான். பின்பெஞ்சில் மூன்று பேர் "ரிப்பீட்டு" என்று முணுமுணுக்க, சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அவனுடைய சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குப் போகிறது. வகுப்பாசிரியர் இதைக் கண்டுகொண்டார். அடுத்து?

நால்வரையும் ஒன்றாக நிற்கவைத்து, அதட்டி, கை கொடுக்கச் சொல்வதுதான் வழக்கம். சண்டைக்கு அது சரி. இது சண்டை இல்லை. பலம் உள்ளவர்கள் ஒருவனைத் திரும்பத் திரும்ப நோகடிப்பது. அவர்கள் "விளையாட்டுக்குத்தான் டீச்சர்" என்றால், பயத்தில் அவனும் தலையாட்டுவான். மாலையில் பஸ் ஸ்டாப்பில், "எங்கள மாட்டிவிட்டியாடா?" என்று தொடங்கும்.

முதலில் அவனிடம் தனியாகப் பேச வேண்டும். எங்கே, எப்போது, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேட்டு, அவன் சொன்ன வார்த்தைகளிலேயே தேதியோடு எழுதிக்கொள்ள வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. யாரிடம் சொல்லப்போகிறோம் என்பதை அவனிடமே சொல்லிவிடலாம். பிறகு அந்த மூவரை ஒவ்வொருவராக, ஒரே பீரியடுக்குள், பேசி வைத்துக்கொள்ள இடம் தராமல் அழைக்க வேண்டும். "பெயர் கூப்பிடும்போது நானே கேட்டேன்" என்று தொடங்கினால், அவன்தான் சொன்னான் என்ற பேச்சு எழாது. இனி என்ன செய்வாய் என்பதை அவன் வாயாலேயே சொல்லவைத்துக் குறித்துக்கொள்ளலாம்.

என் பார்வையில் வகுப்பை மாற்றுவது இதற்கு அடுத்த படிதான். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான 'கிவா' திட்டம் வேடிக்கை பார்ப்பவர்களைக் குறிவைக்கிறது. சிரிப்பு நின்றால் கேலிக்குத் தீனி இல்லை. அங்கே வகுப்பாசிரியர், மற்றவர்கள் மதிக்கும் இரண்டு முதல் நான்கு மாணவர்களை அழைத்து, பாதிக்கப்பட்டவனுக்குத் துணையாக இருக்கும்படி கேட்கிறார். நம் வகுப்பில் அது, "மதியம் எங்களோட சாப்பிட வாடா" என்ற ஓர் அழைப்பாக இருக்கலாம்.

அடி, காயம், சாதி இழிவு என்றால் வகுப்பறைக்குள் முடிக்கப் பார்க்காமல், தலைமை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் அன்றே தெரிவிக்க வேண்டும். பாலியல் சீண்டலென்றால், போக்சோ சட்டப்படி காவல்துறையிடம் தெரிவிப்பது கட்டாயம். 1098 குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது.

இனி வராமல் இருக்க, குழுக்களை மாணவர்களே பிரித்துக்கொள்ள விடாமல் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கலாம். கடைசியாக மிஞ்சும் ஒருவன் இருக்க மாட்டான். கழிப்பறைப் பக்கமும் மதிய இடைவேளையிலும் ஒரு பெரியவர் நடமாட வேண்டும். மாட்டிவிடுவது வேறு, ஒருவனைக் காப்பாற்றச் சொல்வது வேறு என்பதை வகுப்பில் பேசித் தெளிவாக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்தும், மாதம் கழித்தும் அவனைத் தனியாகக் கேட்க வேண்டும். "இப்போ ஒண்ணுமில்ல டீச்சர்" என்ற பதிலை மட்டும் நம்பாமல், டப்பா காலியாகிறதா என்றும் பாருங்கள்.