பாதியாக்கிப் பிடித்த வர்க்கமூலம்

உருண்டைக் கம்பியிலிருந்து ஒரு இஞ்ச் சதுரக் கட்டை எடுக்க வேண்டும். கம்பியின் விட்டம் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும்? அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய ஒரு பள்ளியில், எட்டாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை இந்தக் கேள்வியோடுதான் பாடத்தைத் தொடங்கினார். லேத் பட்டறையில் வேலை செய்யும் அப்பாவின் மகன் ஒருவன் சட்டென்று சொன்னான்: "1.414, மிஸ்."

"சரி. அந்த 4 எப்படி வந்துச்சு?"

வகுப்பில் பதில் இல்லை. சதுரத்தின் மூலைவிட்டம்தான் கம்பியின் விட்டம். அதன் வர்க்கம் 2 என்பதுவரை எல்லாருக்கும் தெரியும். அதற்கு மேல் நீள் வகுத்தல். இரண்டிரண்டு இலக்கமாகக் கோடு போடு, இரட்டிப்பாக்கு, கழி. பிள்ளைகள் அதைத் தப்பில்லாமல் செய்வார்கள். ஏன் இரட்டிப்பாக்குகிறோம் என்று கேட்டால்தான் விழிப்பார்கள்.

ஆசிரியை கரும்பலகையில் 1, 2 என்று இரண்டு எண்களை எழுதினார். 1-இன் வர்க்கம் 1, குறைவு. 2-இன் வர்க்கம் 4, அதிகம். தேடும் எண் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பாதியில் 1.5, வர்க்கம் 2.25, அதிகம். ஆகவே மேல் பாதியை அழித்துவிடலாம். அடுத்த நடு எண் 1.25, வர்க்கம் 1.5625, குறைவு. கீழ்ப் பாதி போயிற்று. பிறகு 1.375 குறைவு, 1.4375 அதிகம், 1.40625 குறைவு.

இங்கே நிறுத்தினார். மிச்சமிருக்கும் இரு முனைகளும் 1.40625, 1.4375. இரண்டுமே 1.4 என்று தொடங்குகின்றன. நடுவில் இருக்கும் எந்த எண்ணும் 1.4 என்றுதான் தொடங்கும். ஐந்தாவது பாதியில் முதல் தசம இலக்கம் உறுதியாகிவிட்டது. இதே போல எட்டாவது பாதியில் 1.41, பதினொன்றாவதில் 1.414. பத்து முறை பாதியாக்கினால் இடைவெளி 1024-இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அதனால்தான் சராசரியாக மூன்று பாதிக்குச் சற்றுக் கூடுதலாக ஓர் இலக்கம் கிடைக்கிறது.

பாதியாக்குவது தமிழ்க் கணக்குக்குப் பழகிய வழி. அரை, கால், அரைக்கால், வீசம் எல்லாம் அடுத்தடுத்துப் பாதியானவை. 1.375 என்பது ஒன்றேகாலும் அரைக்காலும். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த பிள்ளைக்கு இந்தப் படிகள் வாய்ப்பாடாகவே தெரிந்திருக்கும்.

ஒரு மாணவி 1.375-இன் வர்க்கத்தைத் தவறாகப் போட்டு, 'அதிகம்' என்று எழுதிவிட்டாள். சரியான பாதியே அழிந்துபோனது. அதன்பின் எத்தனை முறை பாதியாக்கினாலும் 'குறைவு, குறைவு' என்றே வந்தது. மேல் முனை 1.375-ஐ விட்டு நகரவில்லை. ஒரே விடை தொடர்ந்து வந்தால் சந்தேகப்படலாம், ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. சரியான கணக்கிலும் 1.4140625-க்குப் பிறகு ஐந்து முறை தொடர்ந்து 'அதிகம்' வருகிறது. ஆசிரியை சொன்ன சோதனை இது: இரு முனைகளையும் வர்க்கப்படுத்திப் பார், ஒன்று 2-க்குக் கீழேயும் மற்றது மேலேயும் இருக்கவேண்டும். அவள் பார்த்தாள். மேல் முனையின் வர்க்கம் 1.89. தன் தவறைத் தானே கண்டுபிடித்தாள்.

இன்னொரு இடத்திலும் இந்த முறை சறுக்கும். 4-இன் மூலத்தை 1-க்கும் 4-க்கும் நடுவே தேடுங்கள். 2.5 அதிகம், 1.75 குறைவு, 2.125 அதிகம், 1.9375 குறைவு. கீழ் முனை 1.99... என்றும் மேல் முனை 2.00... என்றும் நெருங்கிக்கொண்டே போகும். முதல் இலக்கம்கூட ஒருநாளும் ஒத்துவராது. விடை 2-தான், ஆனால் இலக்கம் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்ப்பவருக்கு அது அகப்படாது. இடைவெளி எவ்வளவு சிறியது என்று பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

நீள் வகுத்தலில் ஒரு படிக்கு ஓர் இலக்கம் கிடைக்கும், தேர்வுக்கு அதுவே வேகம் என்பவர்கள் இருக்கிறார்கள். வேகம் உண்மைதான். எனக்குள்ள கவலை வேறு. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை தெருவுக்குத் தெரு டியூஷன் சென்டர்கள். அங்கே போய்வரும் பிள்ளைகளிடம் பேசினால் விடையை நொடியில் சொல்கிறார்கள். 'இது தப்பாக இருந்தால் எப்படித் தெரியும்?' என்றால் 'பின்பக்கத்து விடையைப் பார்ப்போம்' என்கிறார்கள். பின்பக்கத்தில் விடை இல்லாத கணக்கு பட்டறையில் வரும்போது என்ன செய்வார்கள்? கம்பியை 1.40-இல் வாங்கிவிட்டால் கட்டையின் மூலை மழுங்கித்தான் வரும்.

ஆசிரியர்களே, நீள் வகுத்தலுக்கு முன் ஒரு பீரியட் இதற்குக் கொடுங்கள். பெற்றோரும் வீட்டில் செய்து பார்க்கலாம்: 1-க்கும் 2-க்கும் நடுவே 3-இன் வர்க்கமூலத்தைத் தேடச் சொல்லுங்கள். முதல் நடு எண் 1.5, குறைவு. ஐந்தாவது பாதியில் முதல் தசம இலக்கம் 7 என்று உறுதியாக வேண்டும்.