கால் நொடிக்குள் கைமாறும் பேச்சு

முதுகலை படிக்க இங்கிலாந்து போன முதல் மாதம். வியாழக்கிழமை காலை செமினார். மேசையைச் சுற்றிப் பதினான்கு பேர். அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட பஞ்சங்கள் பற்றிய நூலில், 1943 வங்கப் பஞ்சம் குறித்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். நான் இரண்டு முறை படித்திருந்தேன். அந்த ஆண்டு வங்கத்தில் இருந்த உணவு, முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஐந்து சதவீதம் அளவுக்குத்தான் குறைவு. பஞ்சமே வராத 1941-ஐவிட அதிகம். அரிசி இருந்தது, அதை வாங்கும் வழிதான் கூலித் தொழிலாளிக்கு அடைபட்டது என்பது சென்னின் வாதம். எங்கள் தெரு ரேஷன் கடையை வைத்து அதைப் பற்றிச் சொல்ல எனக்கு நல்ல கருத்து ஒன்று இருந்தது.

வாக்கியத்தை மனத்துக்குள் ஆங்கிலத்தில் கட்டினேன். இலக்கணம் சரிபார்த்தேன். வாய் திறக்கும்போது பேச்சு போர்க்கால விலையேற்றத்துக்குப் போய்விட்டிருந்தது. அதற்கு ஒரு வாக்கியம் கட்டினேன், அதுவும் பிந்திப்போனது. ஐம்பது நிமிடம் முடிந்தபோது நான் ஒரு சொல்கூடப் பேசியிருக்கவில்லை. “அடுத்த வாரம் வாசித்துவிட்டு வாருங்கள்” என்று ஆசிரியர் கனிவாகத்தான் சொன்னார். அந்தக் கனிவு பல நாள் வலித்தது.

கூச்சம், ஆங்கிலப் பயம் என்றுதான் அப்போது என்னையே குறை சொல்லிக்கொண்டேன். உரையாடலை ஆராய்பவர்களின் எழுத்தைப் பிற்பாடு படித்தபோதுதான், நான் தோற்றது பெரும்பாலும் நேரக் கணக்கில் என்று புரிந்தது.

ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் மூவரும் 1974-இல் எழுதிய கட்டுரை, பேச்சு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறும் முறையை விவரிக்கிறது. பேசுபவர் அடுத்தவரைப் பெயர் சொல்லியோ பார்வையாலோ தேர்ந்தெடுத்தால், முறை அவருக்கு. யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை என்றால், முதலில் தொடங்குபவருக்கு. யாருமே தொடங்காவிட்டால், பேசியவரே தொடரலாம். நம் வகுப்பறைகளில் பதினைந்து ஆண்டுகள் நமக்குப் பழக்கமானது முதல் விதி மட்டும்தான். ஆசிரியர் “நீ எழுந்திரு, சொல்லு” என்பார். எழுந்து நின்று யோசித்துக்கொள்ள அவகாசமும் இருக்கும். செமினார் மேசையில் நடப்பது பெரும்பாலும் இரண்டாம் விதி. அங்கே அழைப்புக்காகக் காத்திருப்பவர் காத்துக்கொண்டே இருப்பார்.

அந்த இரண்டாம் விதிக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது? டான்யா ஸ்டிவர்ஸ் குழுவினர் 2009-இல் பத்து மொழிகளில், ஆம்-இல்லை வகைக் கேள்விகளுக்குப் பதில் வரும் வேகத்தை அளந்தார்கள். மொழிக்கு மொழி வேறுபாடு இருந்தாலும், சராசரி இடைவெளி 0.2 நொடியை ஒட்டியே இருந்தது. மறுபுறம், ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரை ஒரே சொல்லில் சொல்லவே மூளைக்குச் சுமார் 0.6 நொடி தேவை. வாக்கியம் என்றால் ஒரு நொடியைத் தாண்டும். அதாவது எதிராளி முடித்த பிறகு யோசிக்கத் தொடங்குபவர் எந்த மொழியிலும் நுழைய முடியாது. எல்லோருமே அடுத்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, எங்கே முடிப்பார் என்று ஊகித்துத் தம் பேச்சைத் தயாரிக்கிறார்கள். கற்ற மொழியில் இந்தத் தயாரிப்பு இன்னும் மெதுவாக நடக்கும். அந்தப் பத்து மொழிகளில் தமிழ் இல்லை. பலர் கூடி வாதிடும் செமினாரும் ஆம்-இல்லைக் கேள்வியும் ஒன்றல்ல. ஆனாலும் நெருக்கடி எந்த அளவினது என்று இந்த எண்கள் காட்டுகின்றன.

இதே வேலையை நாம் விடுதி அறையில் கிரிக்கெட் பேசும்போது தடையில்லாமல் செய்கிறோம். ஆங்கிலத்தில் ஏன் சிக்குகிறது? எனக்குத் தோன்றும் ஒரு காரணம் வாக்கிய அமைப்பு. தமிழில் வினை கடைசியில் வரும். “சென் சொல்வது இந்த இடத்தில் பொருந்தாது என்று நினைக்கிறேன்” என்னும்போது, பொருள் முன்னால், என் நிலைப்பாடு பின்னால். ஆங்கிலக்காரர் ‘ஐ’ம் நாட் ஷுவர் அபவுட் தட்’ என்று நிலைப்பாட்டை முதலில் வைத்துவிடுகிறார். அந்த ஐந்து சொல் அவருக்கு முறையைப் பிடித்துத் தந்துவிடுகிறது. காரணத்தை அதன்பின் நிதானமாகத் தேடிக்கொள்கிறார். ஜப்பானியமும் வினையைக் கடைசியில் வைக்கும் மொழிதான். அதில் ஒரு பேச்சின் போக்கு தாமதமாகவே வெளிப்படுகிறது என்று ஹிரோகோ தனாகா விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் ஸ்டிவர்ஸின் பத்து மொழிகளில் மிக விரைவாகப் பதில் வந்தது ஜப்பானியத்தில்தான். ஆகவே வினை கடைசியில் வருவது ஒரு குறையே அல்ல. ஒரு மொழியின் அடுக்கை வைத்துக்கொண்டு இன்னொன்றில் நுழையப் பார்ப்பதுதான் இடறுகிறது. நான் முழு வாக்கியத்தையும் கட்டி முடித்த பிறகே வாய் திறக்க முயன்றேன். மற்றவர்கள் முதல் ஐந்து சொல்லோடு நுழைந்துவிட்டார்கள்.

அப்படியானால் வீட்டிலேயே வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போகலாமே? போனேன், அதுவும் கவிழ்த்தது. மால்கம் பிரென்னர் 1973-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். சுற்றி அமர்ந்தவர்கள் வரிசையாகச் சொற்களை வாசிக்க வேண்டும். தன் முறைக்குச் சற்று முன்னால் வாசிக்கப்பட்டவைதான் ஒவ்வொருவருக்கும் மிகக் குறைவாக நினைவிருந்தன. அறிமுகச் சுற்றில் நமக்கு முந்தியவரின் பெயர் நினைவில் நிற்காதது இதனால்தான். மனப்பாட வாக்கியத்தைப் பொத்திக்கொண்டு காத்திருந்த நான், மற்றவர்கள் சொன்னதைக் கேட்கவே இல்லை. நான்காம் வாரம் ஒருவழியாகப் பேசினேன். அதே கருத்தை முந்தைய நிமிடம்தான் இன்னொருவர் சொல்லியிருந்தார். மேசை ஒரு கணம் அமைதியானது. அந்த அமைதி வந்தால் இந்த நோய்தான் என்று தெரிந்துகொள்ளலாம்.

பிறகு இரண்டு மாற்றங்கள் செய்தேன். ஆசிரியரை அவர் மாணவர்களுக்காக ஒதுக்கியிருந்த நேரத்தில் போய்ப் பார்த்து, “எதை வாசித்தேன் என்று இதில் குறித்திருக்கிறேன், ரேஷன் பற்றிப் பேச்சு வரும்போது என்னைக் கூப்பிட முடியுமா?” என்று கேட்டேன். முதல் விதியை எனக்காக ஒருமுறை இயக்கச் சொன்னதுதான் அது. வாசித்துவிட்டேன் என்பதும் அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

இரண்டாவது, வாக்கியங்களை விட்டுவிட்டு நுழைவாசலை மட்டும் பழகினேன். ‘கேன் ஐ கம் இன் ஹியர்’ என்பது அங்கே எல்லோரும் சொல்லும் தொடர். அதோடு, இப்போதுதான் பேசியவரின் சொல் ஒன்றை அப்படியே எடுத்துக் கோக்க வேண்டும்: “விலை என்றீர்களே, அதைப் பற்றி.” அந்தச் சொல்லைப் பிடிக்கக் காது அவர் பேச்சிலேயே இருந்தாக வேண்டும் என்பதால் பிரென்னர் கண்ட மறதிக்கும் அங்கே இடமில்லை. தாளின் ஓரத்தில் மூன்று சொல் மட்டும் எழுதிவைத்தேன்: கடை, விலை, அட்டை. இதோடு ஒரு சிறு செயலும் உதவியது. சற்று முன்னால் சாய்ந்து மூச்சை இழுப்பது. பேசப் போகிறவர் தொடங்குமுன் காதில் விழும்படி மூச்சிழுப்பது இயல்பு. கேட்பவர்களும் அதைக் கவனிக்கிறார்கள். நான் அதுவரை நாற்காலியில் பின்னால் சாய்ந்து, அசையாமல் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். பார்ப்பவருக்கு நான் பேச விரும்புவதற்கான அறிகுறியே இருந்திருக்காது.

ஆறாம் வாரம் ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். தமிழ்நாட்டில் வருமானம் பார்க்காமல் அரிசி வாங்கும் உரிமை அட்டையில் இருப்பதையும், விளைச்சல் குறைந்த ஆண்டிலும் அந்த உரிமை மாறாதது சென் சொன்ன ‘வாங்கும் வழி’க்கு எப்படிப் பொருந்துகிறது என்பதையும் சொன்னேன். இரண்டு இடத்தில் இலக்கணம் பிசகியது, யாரும் பொருட்படுத்தவில்லை. எதிரே இருந்த பெண் கேட்டார்: “வசதியானவர்களும் வாங்கினால், கடையில் அரிசி தீர்ந்துபோகாதா...” அவர் குரல் இறங்குமுன்பே நான் பதிலைத் தொடங்கியிருந்தேன்.