பேதி நாளில் நிறுத்த வேண்டிய மாத்திரைகள்

62 வயது அம்மா ஒருவர். சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, பிரஷருக்கு டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை. மூட்டு வலித்தால் டைக்ளோஃபினாக். ராத்திரி முழுக்க பேதியும் வாந்தியும். காலையில் கஞ்சிகூட இறங்கவில்லை. ஆனாலும், ‘மாத்திரையை மட்டும் விட்டுவிடக் கூடாது’ என்று போட்டுக்கொள்கிறார். நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது இதுதான்.

அவர் போட்ட ஹைட்ரோகுளோரோதயசைடு நீர் மாத்திரை. பேதியில் வற்றிய உடம்பிலிருந்து இன்னும் நீரை வெளியேற்றும். நீர் குறைந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறையும். அப்போது சிறுநீரகம் தன் வடிகட்டிக்குள் ரத்த அழுத்தத்தைத் தானே ஏற்றிச் சமாளிக்கும். அந்தத் தற்காப்பை டெல்மிசார்ட்டான் ஒருபுறமும் டைக்ளோஃபினாக் மறுபுறமும் தடுத்துவிடும். மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனத் தளர்ந்துபோகலாம்.

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் அது உடம்பை விட்டு வெளியேற சிறுநீரகம்தான் வழி. வழி அடைபட்டால் மருந்து உடம்பில் தேங்கும். ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும். இது அபூர்வம், வந்தால் உயிருக்கே ஆபத்து. கிளிமிபிரைடோ, சாப்பிடாத வயிற்றில் சர்க்கரையைச் சட்டென இறக்கிவிடும்.

அதனால், உடம்பு நீர் வற்றும் அளவுக்கு வாந்தி, பேதி, வியர்வையோடு குளிர்காய்ச்சல் என்று வந்தால் இவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். ஒரே ஒரு முறை வயிறு இளகியதற்காக நிறுத்த வேண்டியதில்லை. எம்பாக்லிஃப்ளோசின், டாபாக்லிஃப்ளோசின் போடுபவர்களும் நிறுத்த வேண்டும். சர்க்கரை அதிகம் ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரக்கூடும்.

நம் ஊரில் பெரும்பாலும் ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து இருக்கும். பிராண்ட் பெயரில் அது தெரியாது. அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைத்தான் படிக்க வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும்போதே அட்டைகளை டாக்டரிடம் கொண்டுபோய், எதை நிறுத்தலாம் என்று குறித்து வாங்கிவிடுங்கள். இதயம் பலவீனமானவர்கள் நீர் மாத்திரையைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

இன்சுலினை மட்டும் யாரும் அடியோடு நிறுத்திவிடக் கூடாது. சாப்பிடாவிட்டாலும் காய்ச்சலில் சர்க்கரை ஏறும். அளவை டாக்டர் மாற்றிச் சொல்வார். தினமும் ஸ்டீராய்டு மாத்திரை போடுபவர்களும் நிறுத்தக் கூடாது. அது வாந்தியில் தங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்த அம்மா காலை மாத்திரைகளையும் வலி மாத்திரையையும் தள்ளிவைத்து, 1 லிட்டர் நீரில் கலக்கிய ஓஆர்எஸ் கரைசலை மடக்கு மடக்காகக் குடித்து, சில மணிக்கு ஒருமுறை குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்க்கலாம். சர்க்கரை நோயாளிக்கும் ஓஆர்எஸ் ஆகும். எதுவும் வயிற்றில் தங்காமல், சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கி, தூக்கக் கலக்கம் வந்தால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

வழக்கம்போல் சாப்பிட்டுக் குடித்து 24 முதல் 48 மணி நேரம் ஆனபின், அதே பழைய அளவில் மாத்திரைகளைத் தொடங்கலாம். விட்டதற்குச் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது. உடம்பு ரொம்பவே சோர்ந்திருந்தால் அதற்கு முன் கிரியேட்டினின் பார்த்துக்கொள்வது நல்லது.