கதைக்கும் திட்டத்துக்கும் நடுவே ஒரு பத்தி

வெளிநாட்டில் முதுகலை படிக்க விண்ணப்பிக்கிறவர்களிடம் மதிப்பெண் பட்டியல், பரிந்துரைக் கடிதங்களோடு ஓர் அறிக்கையும் கேட்பார்கள். ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ் என்பது அதன் பெயர். மாணவர்கள் எஸ்.ஓ.பி. என்பார்கள். பெரும்பாலும் 500 முதல் 1,000 சொற்கள். இதுவரை என்ன செய்தீர்கள், இனி என்ன செய்யப்போகிறீர்கள், அதற்கு எங்கள் படிப்பு எதற்கு என்பதையெல்லாம் அதற்குள் சொல்லிவிட வேண்டும். பலருடைய வரைவுகளில் முதல் பாதி நன்றாகவே இருக்கும், கடைசிப் பாதியிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டையும் வேறு வேறு ஆட்கள் எழுதியது போலிருக்கும்.

நாகப்பட்டினம் பக்கம் கடலோரக் கிராமத்திலிருந்து வரும் ஒரு சிவில் இன்ஜினியரிங் மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். கடைசி வருட ப்ராஜெக்டுக்காக ஊரைச் சுற்றியுள்ள 20 கிணறுகளிலும் போர்வெல்களிலும் மாதந்தோறும் நீர் எடுத்து, கரைந்திருக்கும் உப்பை டி.டி.எஸ். மீட்டரால் அளந்தாள். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கடலை ஒட்டிய கிணறுகளில் அவளுக்குக் கிடைத்த அளவு 3,000-ஐத் தாண்டியது. இப்போது நிலத்தடி நீரியலில் முதுகலைக்கு விண்ணப்பிக்கிறாள்.

அவளுடைய முதல் வரைவில் கிணற்றுக் கதை இப்படி முடிகிறது: "இந்த ப்ராஜெக்ட் குழுவாக வேலை செய்யும் திறனை எனக்குக் கற்றுத்தந்தது." அடுத்த பத்தி இப்படித் தொடங்குகிறது: "மேலும், உலகத் தரம் வாய்ந்த உங்கள் பல்கலைக்கழகத்தில் படித்து நீர் மேலாண்மை நிபுணராக விரும்புகிறேன்." ஒரு பக்கம் குழு வேலை, மறுபக்கம் பல்கலைக்கழகப் புகழ்ச்சி. இரண்டுக்கும் நடுவில் 'மேலும்' என்ற சொல் தனியாக நின்று தவிக்கிறது. அதை எடுத்துவிட்டு 'ஆகவே' போட்டாலும் எதுவும் மாறாது. கிணற்றில் உப்பு அளந்ததால் ஏன் முதுகலை படிக்க வேண்டும் என்ற காரணம் அந்தப் பக்கத்தில் இல்லை. இல்லாத காரணத்தை இணைப்புச் சொல் உண்டாக்கித் தராது.

காரணம் எங்கே இருக்கிறது? வேலை நின்றுபோன இடத்தில். எந்தக் கிணறு உப்பு என்று அவளால் சொல்ல முடிந்தது. அந்த உப்பு எந்த மண்ணடுக்கு வழியாக வருகிறது, இன்னும் 5 வருடத்தில் எந்தத் தெரு வரை வரும் என்று ஊர்க்காரர்கள் கேட்டிருந்தால் அவளிடம் பதில் இல்லை. மீட்டர் இன்றைய நிலையை மட்டுமே காட்டும். நாளைய நிலையைச் சொல்ல மழையளவு, இறைக்கும் அளவு, மண்ணடுக்குகள் எல்லாவற்றையும் சேர்த்து நிலத்தடி நீரோட்டத்தைக் கணினியில் மாதிரியாக அமைக்கத் தெரிய வேண்டும். மாட்ஃப்ளோ போன்ற மென்பொருள்கள் அதற்கென்றே இருக்கின்றன. அந்தத் துறையின் முதுகலைப் படிப்புகளில் இதைக் கற்பிக்கிறார்கள்.

ஆக, கிணற்றுப் பத்தியின் கடைசி வாக்கியத்தை இப்படி மாற்றலாம்: "எந்தக் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கிறது என்று கண்டுபிடித்தேன், அடுத்து எந்தக் கிணறு என்று சொல்ல முடியவில்லை." அடுத்த பத்தி: "அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நீரோட்டத்தை மாதிரியாக்கத் தெரிய வேண்டும். எனக்கு அது இன்னும் தெரியாது. உங்கள் படிப்பின் இரண்டாம் பருவத்தில் அது பாடமாக இருக்கிறது." இங்கே 'மேலும்' இல்லை, 'ஆகவே' இல்லை. 'அந்தக் கேள்விக்கு' என்ற தொடரே முன்பத்தியைக் கையோடு இழுத்து வந்துவிடுகிறது. தெரியாது என்று ஒப்புக்கொண்டால் மதிப்பு குறையுமே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. எல்லாம் தெரிந்தவருக்குப் படிப்பு எதற்கு?

இதே பத்தியில்தான் காலமும் திரும்புகிறது. 'கண்டுபிடித்தேன்' என்பது முடிந்தது. 'தெரியாது' என்பது இன்றைய நிலை. அதன் பிறகே 'செய்வேன்'. நடுவிலுள்ள நிகழ்காலத்தை விட்டுவிட்டு இறந்தகாலத்திலிருந்து எதிர்காலத்துக்கு ஒரே தாவாகத் தாவும்போதுதான் படிப்பவருக்கு இடறுகிறது.

அறிக்கையை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருப்பதால் நம்மவர்களுக்கு மூன்று இடங்களில் கால் வழுக்கும். முதலாவது 'ஹேட்'. 'ஐ மெஷர்ட்' என்றால் போதும் என்ற இடத்தில் 'ஐ ஹேட் மெஷர்ட்' என்று எழுதுவது இந்திய ஆங்கிலத்தில் மிகப் பரவலான பழக்கம். இறந்தகாலத்தில் நடந்த ஒன்றுக்கும் முன்னால் நடந்ததைச் சொல்லத்தான் 'ஹேட்' வேண்டும். பத்தி முழுக்க அதையே தூவினால், எதற்கு முன்னால், எதற்கு முன்னால் என்று படிப்பவர் தேடிக்கொண்டே இருப்பார். இரண்டாவது, இன்னும் தொடரும் வேலை. '2023-லிருந்து வேலை செய்கிறேன்' என்பது தமிழில் சரி. அதை அப்படியே 'ஐ ஆம் ஒர்க்கிங் சின்ஸ் 2023' என்று எழுதினால் ஆங்கிலத்தில் தவறு. 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்' என்று வர வேண்டும். இறந்தகாலக் கதையை இன்றைய நிலையோடு இணைக்கும் வினைவடிவமும் இதுதான் என்பதால் நடுப்பத்தியில் இது அடிக்கடி தேவைப்படும்.

மூன்றாவது, திட்டத்தைச் சொல்லும்போது வரும் 'வுட்'. பணிவாக இருக்கட்டும் என்று நினைத்து 'ஐ வுட் ரிட்டர்ன்' என்று எழுதுகிறார்கள். 'ஏதாவது நடந்தால் திரும்புவேன்' என்ற நிபந்தனை அதில் ஒட்டிக்கொள்கிறது. செவனிங் உதவித்தொகையில் படிப்பு முடிந்ததும் குறைந்தது 2 ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே போய் நிபந்தனை வைத்துப் பேசினால் எப்படி இருக்கும்? படிப்பு முடிந்தவுடன் செய்யப்போவதற்கு 'ஐ வில்' அல்லது 'ஐ ப்ளான் டு'. பத்து வருடம் தள்ளி இருப்பதற்கு 'ஐ ஹோப் டு'. தமிழகத்தின் தண்ணீர்ப் பஞ்சத்தை ஒழிப்பேன் என்பதற்கெல்லாம் 'வில்' போடாமலிருப்பது நல்லது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, பத்தியில் ஒரே காலம்தான் வர வேண்டும் என்று எல்லா வினைகளையும் இறந்தகாலத்துக்கு மாற்றிவிடவும் கூடாது. "மார்ச் மாதம் 20 கிணறுகளை அளந்தோம். நன்னீரை அளவுக்கு மீறி இறைக்கும் இடத்தில் கடல்நீர் உள்ளே வருகிறது." முதல் வாக்கியம் நடந்து முடிந்தது, இரண்டாவது எப்போதும் உண்மை. அதனால் அது நிகழ்காலத்திலேயே இருக்கலாம். பொருளில் காலம் மாறும்போது வினையும் மாறட்டும். காரணமில்லாமல் மாறினால்தான் பிழை.

சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. வரைவை அச்செடுத்து, ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் வரிசையாக வேறொரு தாளில் எழுதுங்கள். கதை புரிகிறதா என்று பாருங்கள். பிறகு திட்டம் சொல்லும் பத்தியிலுள்ள முக்கியமான பெயர்ச்சொற்களை அடிக்கோடிட்டு, அவை மேலே எங்காவது வந்திருக்கின்றனவா என்று தேடுங்கள். நம் மாணவி கடைசிப் பத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அமைப்பேன் என்று எழுதியிருந்தாள். கிணற்றுக் கதையில் அதற்கு விதையே இல்லை, வெட்டிவிடலாம். மாறாக, எந்தப் போர்வெல்லில் எவ்வளவு இறைக்கலாம் என்று ஊராட்சிகளுக்குக் கணக்கிட்டுச் சொல்வேன் என்றால் அது அந்த 20 கிணறுகளிலிருந்து நேராக வளர்ந்த திட்டம்.

பிரிட்டனில் இளங்கலைக்கு விண்ணப்பிப்பவர்கள் 4,000 எழுத்துக்குறிகளுக்குள் ஒரே நீண்ட அறிக்கையாக எழுதிவந்தார்கள். 2026 சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். அங்கே பிரிப்பது படிவத்தின் வேலை. முதுகலை அறிக்கைகளில் பெரும்பாலும் இன்னும் அது உங்கள் வேலைதான்.

ஏற்கெனவே எழுதி வைத்திருந்தால், திட்டம் தொடங்குவதற்குச் சற்று முந்தைய வாக்கியத்தை மட்டும் இன்றைக்குத் திறந்து பாருங்கள். அது தலைமைப் பண்பு, குழு உணர்வு என்று முடிந்திருந்தால் தயங்காமல் அடித்துவிடுங்கள். உங்கள் வேலை எங்கே நின்றுபோனது என்று அந்த இடத்தில் எழுதுங்கள்.